திருப்பி அனுப்பிய மிக்சி எங்கே போகிறது?

கிள்ளானில் ஒரு குடும்பம் இணையம் வழி மிக்சி வாங்குகிறது. இரண்டு முறை சட்னி அரைத்ததும் ஓடாமல் நின்றுவிடுகிறது. செயலியில் 'திருப்பி அனுப்பு' பொத்தானை அழுத்தி, பெட்டியை மூடி, பக்கத்துக் கடையில் இருக்கும் பார்சல் நிலையத்தில் கொடுத்துவிட்டு வருகிறார்கள். சில நாட்களில் பணம் திரும்பக் கிடைக்கிறது. குடும்பத்தைப் பொறுத்தவரை கதை அங்கே முடிந்துவிட்டது.

மிக்சியின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அது மறுபடியும் புதியதாக விற்கப்படலாம். பழுது பார்த்து மலிவாக விற்கப்படலாம். நூறு பொருள்களோடு ஒரே குவியலாக ஏலம் போகலாம், குப்பைக்கும் போகலாம். இந்தப் பின்னோக்கிய பயணத்தை வணிக உலகில் 'ரிவர்ஸ் லாஜிஸ்டிக்ஸ்' என்கிறார்கள். கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியைவிட வீட்டிலிருந்து கடைக்குத் திரும்பும் வழி சிக்கலானது. போகும்போது ஆயிரம் பெட்டிகளும் ஒரே மாதிரி இருக்கும். திரும்பும்போது ஒவ்வொன்றும் ஒரு தனிக் கதை.

ஷாப்பி, லசாடா போன்ற தளங்களில் இன்று விற்பவர்களும் வாங்குபவர்களும் நம்மவர்களில் ஏராளம். பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடை முதல் தோட்டத்து வீட்டுச் சமையலறை வரை இந்தப் பயணம் தொடுகிறது. ஆகவே, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது வாங்குபவருக்கும் பயன்படும், விற்பவருக்கும் பயன்படும்.

முதல் கேள்வி: திரும்ப வரவேண்டுமா?

பத்து, பன்னிரண்டு வெள்ளி பெறுமானமுள்ள பொருளில் குறை என்று புகார் செய்தால், சில வேளைகளில் 'பணத்தைத் தந்துவிடுகிறோம், பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்' என்று பதில் வரும். இது தாராள மனம் அல்ல, கணக்கு. பார்சலைத் திரும்ப எடுத்து வரும் கூலி, கிடங்கில் அதைப் பிரித்துப் பார்க்கும் ஆளின் நேரம், மறுபடி அடுக்கி வைக்கும் இடம் எல்லாம் சேர்ந்தால் பொருளின் விலையைத் தாண்டிவிடும். விற்பவர் சீனாவில் இருந்தால் கேட்கவே வேண்டாம். கடல் கடந்து அனுப்பும் செலவில் அதே பொருளைப் பல மடங்கு வாங்கிவிடலாம்.

மிக்சி அப்படியல்ல. விலை கூடுதல். திரும்ப வந்தே ஆகவேண்டும்.

பெட்டியைத் திறப்பவர் பார்ப்பது என்ன?

திரும்பிய பெட்டி விற்பவரின் கடைக்கே வரலாம். விற்பவர் தம் சரக்கைத் தளத்தின் கிடங்கில் வைத்து விற்பவராக இருந்தால் அந்தக் கிடங்குக்குப் போகும். எங்கே போனாலும் முதல் வேலை தரம் பிரிப்பது. அதற்கும் முன்னால் ஒரு சிறிய வேலை உண்டு: இது நாம் அனுப்பிய பொருள்தானா என்று உறுதி செய்வது.

புதிய மிக்சியை வாங்கி, வீட்டில் கிடந்த பழைய மிக்சியைப் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள். கல்லை வைத்து அனுப்புகிறவர்களும் உண்டு. இதைக் கண்டுபிடிக்க இரண்டு எளிய வழிகள். ஒன்று, இயந்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் தொடர் எண். அனுப்பும் முன்பே அதைப் படம் பிடித்து வைத்திருந்தால் ஒப்பிட ஒரு நிமிடம் போதும். இன்னொன்று எடை. போனபோது ஐந்து கிலோ, வந்தபோது மூன்றரை கிலோ என்றால், பெட்டியைத் திறக்கும் முன்பே கைப்பேசியில் வீடியோவை ஓடவிட வேண்டும். சிறு வணிகர்கள் பலர் இதில்தான் தோற்றுப் போகிறார்கள். திரும்பி வந்த பொருள் குறித்து ஆட்சேபம் தெரிவிக்கத் தளங்கள் கொடுக்கும் அவகாசம் சில நாட்களே. பெட்டியை ஒரு மூலையில் போட்டுவிட்டு வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பார்க்கும்போது காலம் கடந்திருக்கும். சீல் உடையாத பெட்டியிலிருந்து தொடங்கும் வீடியோவுக்கு இருக்கும் மதிப்பு, பிறகு எடுக்கும் புகைப்படத்துக்கு இருக்காது.

அடுத்ததுதான் தரம் பிரித்தல். ஒவ்வொரு நிறுவனமும் ஏ, பி, சி என்றோ வேறு பெயரிலோ தரம் வைத்திருக்கும். பெயர் எதுவானாலும் நடைமுறையில் நான்கு நிலைகள்தான்: சீல் பிரிக்காதது, பிரித்தது, ஆனால் பயன்படுத்தாதது, பயன்படுத்தியது, ஓடுவது, ஓடாதது.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில்தான் ஏமாற்றுக்கு இடம் அதிகம். மிக்சியில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஜார் மூடியின் ரப்பர் வளையத்தில் மஞ்சள் கறை ஒரு முறை ஏறினால் போகாது. ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும் 'கப்ளர்' தேய்ந்திருந்தால் அதன் அடியில் மெல்லிய கறுப்புத் தூள் இருக்கும். பிளக்கின் பித்தளை முனைகளில் நீளவாக்கில் கீறல் இருந்தால் அது சுவரில் செருகப்பட்டிருக்கிறது. அடிப்பக்கத் திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். உணவு பட்ட பொருளை மறுபடி 'புதிது' என்று விற்க முடியாது. ஜாரைக் கழுவித் துடைத்தாலும் அதே நிலைதான்.

ஓடாத மிக்சி எல்லாம் கெட்ட மிக்சி அல்ல

இங்கே ஒரு செய்தி. 'ஓடவில்லை' என்று திரும்பி வரும் பொருள்களில் ஒரு பகுதிக்கு எந்தக் கோளாறும் இருக்காது. இந்திய வகை மிக்சிகள் பெரும்பாலானவற்றின் அடியில் சிறிய சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். ஜாரில் ஊறாத அரிசியையோ தண்ணீர் போதாத உளுந்தையோ நிறையப் போட்டு இடைவிடாமல் ஓட்டினால் மோட்டார் சூடேறும். எரிந்து போகாமல் இருக்க அந்தப் பொத்தான் தானாகவே வெளியே தள்ளி மின்சாரத்தைத் துண்டித்துவிடும். சிறிது நேரம் ஆறவிட்டு, பொத்தானை உள்ளே அழுத்தினால் மறுபடி ஓடும். பயன்பாட்டுக் கையேட்டில் இது எழுதியிருக்கும். கையேட்டைப் படிப்பவர் யார்?

நாம் தொடக்கத்தில் பார்த்த கிள்ளான் மிக்சிக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். இருந்தாலும் கிடங்கில் பொத்தானை அழுத்தி, ஓடுகிறது என்று பார்த்து அப்படியே அனுப்பிவிடக் கூடாது. மோட்டாரை முகர்ந்து பார்க்க வேண்டும். கருகிய வார்னிஷ் வாடை வந்தால் செம்புக் கம்பிச் சுற்றின் மேற்பூச்சு வெந்துவிட்டது என்று பொருள். அது இன்று ஓடும், அடுத்த மாதம் நிற்கும். பிறகு மின்கசிவு இல்லை என்று உறுதி செய்ய 500 வோல்ட் மின்காப்புச் சோதனைக் கருவியால் பார்க்க வேண்டும். அதன் பிறகு ஜாரில் தண்ணீர் ஊற்றி மூன்று வேகங்களிலும் ஓட்டி, அடியில் ஒழுகுகிறதா என்று கவனிக்க வேண்டும். பழுது பார்ப்பவருக்கு இவ்வளவும் சேர்ந்து அரை மணி நேர வேலை.

ஒரு கணக்கு

பழுது பார்ப்பதா, அப்படியே தள்ளிவிடுவதா? இதை எண்களோடு பார்த்தால் தெளிவாகும். கீழே வருபவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள். ஒவ்வொரு வணிகரும் தம் எண்களைப் போட்டுக்கொள்ளலாம்.

புதிதாக 250 வெள்ளிக்கு விற்கும் மிக்சி என்று வைத்துக்கொள்வோம். திரும்பி வந்ததை எதுவும் செய்யாமல், மொத்தமாக வாங்கும் பழைய பொருள் வியாபாரியிடம் கொடுத்தால் 50 வெள்ளி கிடைக்கும். இது உறுதியான பணம், இன்றே கையில்.

முதல் மிக்சியில் பொத்தான் மட்டும் வெளியே வந்திருக்கிறது. கப்ளரும் ரப்பர் வளையங்களும் மாற்ற 12 வெள்ளி, புதுப் பெட்டி 5 வெள்ளி, ஆள் கூலி 10 வெள்ளி. 'புதுப்பிக்கப்பட்டது' என்று சொல்லி 160 வெள்ளிக்கு விற்கலாம். அதில் தளத்தின் கட்டணம் பத்து விழுக்காடு என்று வைத்தால் 16 வெள்ளி போகும். இன்னொன்றையும் சேர்க்க வேண்டும், பலர் மறப்பது இதைத்தான்: புதுப்பித்து விற்றதும் திரும்பி வரலாம். பத்தில் ஒன்று திரும்பி வந்து ஒவ்வொரு முறையும் 60 வெள்ளி இழப்பு என்றால், ஒவ்வொரு மிக்சியின் தலையிலும் 6 வெள்ளி விழும். எல்லாம் கழித்தால் மீதி 111 வெள்ளி. ஐம்பதைவிட இரு மடங்குக்கும் மேல். தயங்காமல் பழுது பார்க்கலாம்.

இரண்டாவது மிக்சியில் மோட்டார் கருகிவிட்டது. புது மோட்டார் 70 வெள்ளி, கூலி 25 வெள்ளி, பெட்டி 5 வெள்ளி. விலை 150 வெள்ளிதான் சொல்ல முடியும். கட்டணம் 15, திரும்பி வரும் இழப்புக்கு 6. மிஞ்சுவது 29 வெள்ளி. எதுவும் செய்யாமல் 50 வெள்ளிக்குக் கொடுத்திருந்தால் 21 வெள்ளி மிச்சம். இந்த மிக்சியைப் பழுது பார்ப்பது நல்ல காரியம்போல் தோன்றும், உண்மையில் நட்டம். இதற்கு வேறு வழி உண்டு. மோட்டார் போனாலும் ஜார்கள் நல்ல நிலையில் இருக்கும். ஜாரை மட்டும் உடைத்துக்கொண்ட வீடுகள் பல. அவற்றைத் தனித்தனியாக விற்று, மீதி உடலைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்தால் செம்புக்காவது விலை கிடைக்கும்.

இரண்டு மிக்சியும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தன. பெட்டியைத் திறந்து பார்க்க அரை மணி நேரம் செலவிடாதவர் இரண்டையும் 50 வெள்ளிக்கே தள்ளியிருப்பார். தரம் பிரிப்பதில் காட்டும் பொறுமைக்குத் தனியாகக் கூலி இல்லை என்று யாராவது சொன்னால், இந்த 61 வெள்ளி வித்தியாசத்தைக் காட்டலாம்.

துணிக்கு எதிரி நாள்காட்டி

மிக்சி மூன்று மாதம் மூலையில் கிடந்தாலும் அதன் விலை பெரிதாகக் குறையாது. துணி அப்படியல்ல. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் துணிக்கடை நடத்தி, கூடவே இணையத்திலும் விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

2025 தீபாவளி அக்டோபர் 20ஆம் தேதி வந்தது. வாடிக்கையாளர் ஒருவர் 8ஆம் தேதி பஞ்சாபி உடை ஒன்றுக்கு ஆர்டர் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 11ஆம் தேதி கைக்கு வருகிறது. அளவு சேரவில்லை. 14ஆம் தேதி திருப்பக் கோருகிறார், மறுநாள் பார்சல் நிலையத்தில் கொடுக்கிறார். கடைக்கு வந்து சேரும்போது 19 ஆகிவிடுகிறது. உடையில் எந்தக் குறையும் இல்லை, சீட்டுகூடக் கிழியவில்லை. தரத்தில் முதல் தரம். ஆனால் அதைத் தீபாவளி விலைக்கு வாங்க மறுநாள் ஆள் கிடையாது. மிக்சியின் மதிப்பைக் குறைப்பது பழுது. இந்த உடையின் மதிப்பைக் குறைத்தது பதினொரு நாள்.

ஆகவே, துணி விற்பவருக்குப் பழுதுபார்க்கும் பட்டறையைவிட அளவு அட்டவணை முக்கியம். 'எம்', 'எல்' என்று எழுதாமல் மார்பளவு, தோள், கை நீளம் எல்லாவற்றையும் அங்குலத்தில் கொடுத்தால் திரும்புவது குறையும். திரும்பியதை மறுபடி அடுக்கும் முன் முகர்ந்து பார்ப்பதும் அவசியம். விருந்துக்குப் போட்டுவிட்டு, சீட்டை உள்ளே மறைத்துத் திருப்பி அனுப்பிய உடையை வாசனைத் திரவியமும் வியர்வையும் காட்டிக்கொடுக்கும்.

விற்கவே கூடாதவை

சில பொருள்களுக்குக் கணக்கு எதுவும் கிடையாது. சீல் பிரித்த முகப்பூச்சு, உதட்டுச் சாயம், குழந்தைப் பால்மாவு போன்றவை எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் மறுவிற்பனைக்குப் போகக் கூடாது. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பவர் பேங்க், லித்தியம் மின்கலம் உள்ள பொருள்கள் இன்னும் ஆபத்து. சற்று உப்பியிருந்தாலும் தனியாக எடுத்து வைக்க வேண்டும், மற்ற பார்சல்களோடு குவிக்கக் கூடாது. சேதமடைந்த லித்தியம் மின்கலத்தை விமானத்தில் ஏற்ற அனைத்துலக விதிகள் அனுமதிப்பதில்லை. சபா, சரவாக்கிலிருந்து கிள்ளான் பள்ளத்தாக்குக்கு உப்பிய பவர் பேங்க்கைத் திருப்பி அனுப்ப நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விற்பவரிடம் படத்தைக் காட்டிப் பணத்தைக் கேட்பதே முறை.

மின்கலம், ஈயம் போன்றவை அடங்கிய மின், மின்னணுக் கழிவுகளைச் சுற்றுச்சூழல் தர (அட்டவணைக் கழிவுகள்) விதிமுறைகள் 2005 'எஸ்டபிள்யூ 110' என்ற குறியீட்டின்கீழ் வைக்கிறது. தொழில் நிறுவனங்கள் இதைச் சாதாரணக் குப்பையில் போட முடியாது. அதிகபட்சம் 180 நாள், 20 டன்னுக்கு மிகாமல் மட்டுமே வைத்திருக்கலாம். பிறகு சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற இடத்துக்கே அனுப்ப வேண்டும். இதற்கு ஆகும் செலவையும் கணக்கில் எழுதும்போதுதான், 'தூக்கிப் போடுவது இலவசம்' என்ற எண்ணம் மாறும்.

நல்ல பொருளே அழிக்கப்படுவதும் நடக்கிறது. 2021இல் பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சி, ஸ்காட்லாந்தின் டன்ஃபெர்ம்லின் நகரில் உள்ள அமேசான் கிடங்கில் விற்காத, திரும்பி வந்த பொருள்கள் அழிவுக்கென ஒதுக்கப்படுவதை வெளிக்கொணர்ந்தது. தொலைக்காட்சி, மடிக்கணினி போன்றவையும் அதில் இருந்தன. காரணம் கொடுமையான மனம் அல்ல, கிடங்கு வாடகை. விற்பவர் தம் சரக்கை அங்கே வைத்திருக்க மாதாமாதம் கட்டணம் கட்டுகிறார். திரும்ப எடுத்துக்கொள்ளவும் கட்டணம். அழிக்கச் சொல்வது மலிவாகப் படும்போது அதையே தேர்ந்தெடுக்கிறார். பிரான்ஸ் 2020இல் இயற்றிய சட்டத்தின் வழி விற்காத புதிய பொருள்களை அழிப்பதைத் தடுத்தது. தடை இல்லாத இடங்களில் முடிவை எடுப்பது அந்தக் கட்டணப் பட்டியல்தான்.

மலிவாக வாங்குபவர் கவனத்துக்கு

இவ்வளவும் தாண்டி வரும் பொருள் எங்கேயோ மறுபடி விற்பனைக்கு வரும். 'ஓப்பன் பாக்ஸ்', 'புதுப்பிக்கப்பட்டது', 'திரும்பி வந்த சரக்கு', 'மர்மப் பெட்டி' என்று பல பெயர்கள். இவற்றை வாங்குவதில் தவறில்லை. பார்க்கப்போனால், பொத்தான் மட்டும் வெளியே வந்த அந்த மிக்சியை 160 வெள்ளிக்கு வாங்குபவர் கெட்டிக்காரர். மர்மப் பெட்டி மட்டும் வேறு கதை. தரம் பிரித்து நல்லதை எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் பெரும்பாலும் அதில் இருக்கும்.

மின்சாதனமாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது சிரிம், எரிசக்தி ஆணைய முத்திரை. மிக்சி, இஸ்திரிப் பெட்டி, அரிசிக் குக்கர் போன்றவை இந்த ஒப்புதல் இல்லாமல் இங்கே விற்கப்படக் கூடாது. வட்ட முனைகள் கொண்ட இந்திய பிளக்கோடு வந்தால் அது இந்நாட்டு விற்பனைக்கென்று வந்த பொருள் அல்ல என்பதற்கு முதல் அடையாளம். இடைமாற்றியை இலவசமாகக் கொடுத்தாலும் அந்த ஒப்புதல் வந்துவிடாது.

கைப்பேசியைத் திருப்பி அனுப்புகிறவர்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, எல்லாத் தகவலையும் அழித்துவிட்டே அனுப்ப வேண்டும். கணக்கு பூட்டிய கைப்பேசியைப் புதுப்பிக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. அது உதிரிப் பாகத்துக்கே போகும். அதைவிட முக்கியம், வீட்டுப் படங்கள் யார் கைக்கோ போகும்.

மனம் மாறியதற்காகத் திருப்பும் வசதி தளங்கள் தங்கள் கொள்கையின்படி தருவது. எத்தனை நாள், யார் கூலி கட்டுவது என்பது பொருளின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். பொருள் குறையுள்ளதாக இருந்தால் நிலைமை வேறு. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 ஏற்கத்தக்க தரத்தை உத்தரவாதப்படுத்துகிறது. திருப்பி அனுப்பப்பட்டதையோ புதுப்பித்ததையோ 'புதிது' என்று சொல்லி விற்பதையும் அதே சட்டம் பொய்யான விளம்பரிப்பாகக் கருதுகிறது. கேட்டும் கொடுக்காத விற்பனையாளர் மீது பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் முறையிடலாம். கட்டணம் 5 வெள்ளி, கோரிக்கைத் தொகை 50,000 வெள்ளி வரை, மூன்று ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. மஞ்சள் கறை படிந்த ரப்பர் வளையத்தின் படம், கீறல் விழுந்த பிளக்கின் படம், 'புத்தம் புதிது' என்று எழுதியிருந்த விற்பனைப் பக்கத்தின் திரைப்படம், பணம் கட்டிய ரசீது ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும்.